பாட்டியின் அடுப்பங்கரையில் புகை எப்போது நின்றது?

தமிழ்நாட்டுக் கிராமக் குடும்பங்களில் ஒரு சிறுகதை புழங்குகிறது. வீட்டுக்கு வீடு பெயர் மாறும், கதை மாறாது. பாட்டி காலமெல்லாம் விறகடுப்பில் சமைத்தார். ஒருநாள் கேஸ் அடுப்பு வந்தது. வெடித்துவிடுமோ என்று முதலில் கிட்டவே போகவில்லை, பிறகு பழகிக்கொண்டார். சுவரில் கரி படிவது நின்றது. பாத்திரம் தேய்ப்பது சுலபமானது. காலையில் பிள்ளைகளுக்கு நேரத்தோடு சோறு கிடைத்தது. பாட்டியின் இருமல் குறைந்தது. குழம்புக்கு மட்டும் அந்தப் பழைய ருசி வரவில்லை. 2006இல் அமைந்த தி.மு.க. அரசு ஏழைக் குடும்பங்களுக்கு இலவச எரிவாயு இணைப்பும் அடுப்பும் கொடுத்தபோது இந்தக் கதை பல ஊர்களுக்குப் போனது. 2016 மே மாதம் மத்திய அரசு தொடங்கிய உஜ்வலா திட்டம் அதையே நாடு முழுவதும் கொண்டுபோனது. இரண்டு அரசுகளும் சொன்னது ஏறத்தாழ இந்தக் கதையைத்தான்.

இந்தக் கதையைப் பொய் என்று ஒதுக்க முடியாது. குடும்பம் கவனித்ததாகச் சொல்லும் ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது. ஆனால் கவனித்தவர்கள் எங்கே நின்று கவனித்தார்கள் என்பதைக் கதை சொல்வதில்லை. அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தவருக்கும் முற்றத்தில் உட்கார்ந்தவருக்கும் அதே புகை ஒரே அளவில் போய்ச் சேரவில்லை. கேஸ் வந்த பிறகு கொல்லையில் எரிந்துகொண்டிருந்த இன்னோர் அடுப்பைப் பற்றியும் கதையில் பேச்சில்லை. கிடைத்திருக்கும் அளவீடுகளையும் ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு முடிவுக்கு வர முடிகிறது. ஒரு சமையலறை மாறிவிட்டதா என்பதற்கு கேஸ் அடுப்பு வந்த தேதி சாட்சியாகாது. அந்த வீட்டில் விறகு எரியாமல் போன நாட்கள்தான் சாட்சி. அந்த நாட்களின் எண்ணிக்கையைத் தீர்மானிப்பதும் பாட்டியின் பிடிவாதமோ குடும்பத்தின் நாக்கோ அல்ல. அடுத்த சிலிண்டரின் விலையும் அது வந்துசேரும் விதமும்தான்.

கண்ணுக்குத் தெரிந்தவை

முதலில் கரி. விறகு எரியும்போது கட்டை நேரடியாக எரிவதில்லை. சூட்டில் அதிலிருந்து ஆவிகள் கிளம்புகின்றன. அந்த ஆவிகள்தான் தீயாகின்றன. மூன்று கல் கூட்டிய அடுப்பிலும் மண் அடுப்பிலும் காற்று போதுமான அளவு கலப்பதில்லை. பானையின் அடி தீயின் நுனியைத் தொட்டவுடன் தீ குளிர்ந்துவிடுகிறது. எரிந்து முடியாத கரிமம் கரித்துகளாகப் பானையிலும் கூரையிலும் படிகிறது. ஈர விறகானால் நிலைமை இன்னும் மோசம். தண்ணீரை ஆவியாக்கவே சூட்டில் ஒரு பகுதி போய்விடுவதால் தீ பிடிக்காமல் புகை மட்டும் சுருண்டு வரும். மழைக்காலத்தில் ஊதாங்குழலோடு போராடியவர்களுக்கு இது தெரியும். கரி ஒட்டாமலிருக்கப் பாத்திரத்தின் அடியில் மண் பூசி அடுப்பில் ஏற்றுவதும், பிறகு சாம்பலும் தேங்காய் நாரும் கொண்டு தேய்ப்பதும் அன்றாட வேலையின் பகுதியாக இருந்தன. கேஸ் அடுப்பில் எரிபொருள் வாயுவாகவே வந்து, பர்னருக்குள் நுழையும்போதே காற்றோடு கலக்கிறது. அதனால்தான் நீலமாக எரிகிறது. கரி நின்றது என்று குடும்பம் கண்டது சரியான கவனிப்பு.

அடுத்தது நேரம். விறகடுப்பில் சமையல் நேரம் என்பது பானை அடுப்பில் இருக்கும் நேரத்தோடு முடிவதில்லை. சீமைக்கருவேலம் வெட்டிக் காயவைப்பது, சுள்ளி பொறுக்குவது, தென்னை மட்டையையும் பருத்திமாரையும் கட்டி வைப்பது, வரட்டி தட்டுவது எல்லாமே சமையலின் முன்வேலைகள். தீ மூட்டிய பிறகும் அடுப்பை விட்டு நகர முடியாது. கட்டையை உள்ளே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தக் கட்டாயம்தான் சமைப்பவரைப் புகைக்குப் பக்கத்திலேயே உட்கார வைத்தது. கேஸ் அடுப்பில் தீயைக் குறைத்து வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கலாம். குடும்பம் இதைச் ‘சீக்கிரம் சமைத்துவிட முடிகிறது’ என்று சொல்கிறது. அதைவிடப் பெரிய மாற்றம், சமைப்பவரின் முகம் தீயின் முன்னிருந்து விலகியது.

இவையெல்லாம் கண்ணுக்கும் கைக்கும் தெரிந்தவை. உடலைக் கெடுக்கும் பகுதியோ கண்ணுக்குத் தெரியாதது. கூரையில் கருப்பாகத் தொங்கும் ஒட்டடையைவிட, 2.5 மைக்ரானுக்கும் சிறியதாக இருந்து நுரையீரலின் ஆழம்வரை போகும் துகள்களே கேடு. அவை சுவரைக் கருப்பாக்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. வெள்ளையடித்த சுவர், நல்ல காற்றுக்கு உத்தரவாதம் ஆகாது.

யார் மூச்சில் எவ்வளவு

சமையல் புகையைச் சமைப்பவரின் மூச்சோடு சேர்த்து அளக்க வேண்டும் என்று முதலில் காட்டியவர்களில் கிர்க் ஸ்மித் முக்கியமானவர். 1980களின் தொடக்கத்தில் அவரும் அவருடைய இந்தியக் கூட்டாளிகளும் குஜராத் கிராமங்களில் பெண்கள் சமைக்கும்போதே அவர்கள் உடலில் அளவுக் கருவியைப் பொருத்தி அளந்தார்கள். 1983இல் வெளியான அந்த ஆய்வுக்கு முன்பு காற்று மாசு என்றால் தொழிற்சாலைப் புகைக்கூண்டும் நகரத்துச் சாலையும்தான் நினைவுக்கு வந்தன. ஒரு நாட்டின் மிக மோசமான காற்று அதன் சமையலறைக்குள் இருக்கலாம் என்பது அப்போது புதிய செய்தி.

தமிழ்நாட்டில் அந்த வேலையைச் செய்தவர்கள் சென்னை போரூரில் உள்ள ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவக் கல்வி நிறுவனத்தின் கல்பனா பாலகிருஷ்ணனும் அவருடைய குழுவினரும். நான்கு மாவட்டங்களில் நானூறுக்கு மேற்பட்ட கிராம வீடுகளில் அளந்து 2002இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வு, பாட்டியின் கதையைப் புரிந்துகொள்ள மிகவும் உதவும். விறகு, வரட்டி போன்றவற்றால் சமைத்த வீடுகளில் சமையல் நடக்கும்போது ஒரு கன மீட்டர் காற்றில் நுண்துகள் 500 முதல் 2000 மைக்ரோகிராம் வரை இருந்தது. இது அடுப்பு எரியும் நேரத்தின் அளவு. ஒருவர் 24 மணி நேரத்தில் சராசரியாக எவ்வளவு புகையில் இருந்தார் என்று கணக்கிட்டபோது, சமைத்தவர்களுக்கு அது சுமார் 231 மைக்ரோகிராம். சமையலில் ஈடுபடாதவர்களுக்குச் சுமார் 90. கேஸ் போன்ற தூய எரிபொருளில் சமைத்த வீடுகளில் எல்லாருக்குமே சுமார் 82.

இந்த மூன்று எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இவை ஒரே வீட்டில் அடுப்பு மாறுவதற்கு முன்னும் பின்னும் எடுத்தவை அல்ல. வெவ்வேறு வீடுகளை ஒப்பிட்டவை. ஆகவே அப்படியே ஒரு குடும்பத்தின்மேல் ஏற்றிவிடக் கூடாது. ஆனாலும் அவை காட்டும் வடிவம் தெளிவானது. சமைக்காதவருக்கு 90 என்பது 82 ஆகிறது. மாற்றம் மிகச் சிறியது. சமைப்பவருக்கு 231 என்பது 82 ஆகிறது. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு குறைகிறது. அதாவது அடுப்பு மாறியதன் நன்மை வீட்டிலிருந்த எல்லாருக்கும் பகிர்ந்து வரவில்லை. பெரும்பகுதி ஒரே ஓர் உடலில் நடந்தது. கதையைச் சொல்லும் பேரனோ மகனோ பெரும்பாலும் 90இலிருந்து 82க்கு வந்தவர். அவருக்குச் சுவரும் ருசியும் பெரிதாகத் தெரிவதில் வியப்பில்லை. மாறியதாக அவர் நேரடியாக உணரக்கூடியது அவ்வளவுதான். பாட்டியின் இருமல் குறைந்தது என்பது கதையில் ஒரு வரியாக வருகிறதென்றால், அந்த மாற்றத்தை அனுபவித்தவர் கதையைச் சொல்லவில்லை என்பதுதான் காரணம்.

அந்த 82 இன்னொன்றையும் சொல்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் திருத்திய வழிகாட்டியின்படி நுண்துகளின் ஆண்டுச் சராசரி 5 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. இந்தியாவின் சொந்த வரம்பே 40தான். அந்த ஆய்வில் அளந்த துகளின் அளவு வரம்பு சற்று வேறு என்பதால் எண்ணுக்கு எண் ஒப்பிட முடியாது. என்றாலும் தூய எரிபொருள் வீட்டின் காற்றும் நல்ல காற்று அல்ல என்பது தெரிகிறது. மிச்சமிருக்கும் புகை எங்கிருந்து வருகிறது? சாலைத் தூசி, குப்பை எரிப்பு, அறுவடைக்குப் பின் எரிக்கும் தாள் ஆகியவற்றோடு பக்கத்து வீட்டு அடுப்பும் அதில் இருக்கிறது. தெருவில் ஒரே ஒரு வீடு கேஸுக்கு மாறினால், காலை ஆறு மணிக்குத் தெருவெல்லாம் பரவும் புகை அந்த வீட்டு ஜன்னலிலும் நுழையத்தான் செய்யும்.

கொல்லைப்புறத்து அடுப்பு

கதை விட்டுவிடும் முக்கியமான பகுதி இது. கேஸ் வந்த வீடுகள் பலவற்றில் விறகடுப்பு போய்விடவில்லை, இடம்தான் மாறியது. வெந்நீர் கொல்லையில் காய்ந்தது. நெல் அவிப்பது, மாட்டுக்குத் தவிட்டுத் தண்ணீர் காய்ச்சுவது, ஊரிலிருந்து உறவினர் வந்தால் பெரிய அண்டாவில் சோறு வடிப்பது எல்லாம் விறகில் நடந்தன. காபியும் அவசரச் சமையலும் கேஸில். புதிய அடுப்பு பழையதை வெளியேற்றாமல் அதன் பக்கத்தில் வந்து நிற்பது இந்தியாவுக்கு மட்டும் உரியதல்ல. அடுப்பு மாற்றம் பற்றி உலகெங்கும் நடந்த ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தென்படுகிறது. பீகார், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் கிராமங்களில் 2018இல் எடுத்த ஒரு கணக்கெடுப்பில், உஜ்வலா இணைப்புப் பெற்ற வீடுகளில் மிகப் பெரும்பாலானவை விறகையும் வரட்டியையும் தொடர்ந்து எரித்தது தெரியவந்தது.

‘கொஞ்சம்தானே எரிகிறது’ என்பது வழக்கமான சமாதானம். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு வீட்டில் நாளைக்கு மூன்று மணி நேரம் விறகடுப்பு எரிகிறது, அப்போது அடுப்பின் பக்கத்தில் துகள் அளவு 1000 மைக்ரோகிராம், மற்ற 21 மணி நேரமும் 60 என்று வைத்துக்கொள்வோம். நாள் சராசரி ஏறக்குறைய 177. விறகை அடியோடு நிறுத்தினால் சராசரி 60. இப்போது சமையல் முழுவதும் கேஸுக்கு மாறி, வெந்நீருக்கு மட்டும் ஒரு மணி நேரம் விறகு எரிகிறது, அதன் பக்கத்திலேயே ஒருவர் இருக்கிறார் என்றால் சராசரி 99. மூன்று மணி ஒரு மணியானதும் புகை ஒழிந்துவிட்டது என்று வீட்டாருக்குத் தோன்றும். உண்மையில் விறகால் கூடிய சுமையில் மூன்றில் ஒரு பங்கு அப்படியே இருக்கிறது. திறந்தவெளிக் கொல்லையில் அளவு இதைவிடக் குறையும், தாழ்வாரத்தில் கூடும். ஆனால் கணக்கின் போக்கு மாறாது. குறைந்த நேரத்தில் மிக அதிகமாக வரும் புகைதான் நாள் முழுவதின் சராசரியையும் தீர்மானிக்கிறது.

இதோடு உடலின் கணக்கும் சேர்கிறது. நுண்துகளுக்கும் இதய நோய்க்கும் உள்ள தொடர்பு நேர்கோடாக உயர்வதில்லை என்பது உலகளாவிய நோய்ச்சுமைக் கணக்கீடுகள் கண்ட முடிவு. குறைந்த அளவுகளில் ஆபத்து செங்குத்தாக ஏறுகிறது. மிக அதிக அளவுகளில் ஏற்றம் தணிந்துவிடுகிறது. இதைத் தலைகீழாகப் பார்த்தால் அடுப்பு மாற்றத்துக்கு ஒரு கடுமையான பாடம் கிடைக்கிறது. 230இலிருந்து 100க்கு இறங்குவதில் கிடைக்கும் பலனைவிட, 100இலிருந்து கீழே இறங்கும் கடைசிப் படிகளில்தான் பலன் அதிகம். ஆகவே பாதி மாற்றம் பாதிப் பலனைத் தரும் என்று எதிர்பார்க்க முடியாது. கொல்லையில் மிச்சமிருக்கும் அந்த ஒரு மணி நேரம்தான் பலனின் பெரும்பகுதியைப் பிடித்து வைத்திருக்கிறது. அந்த அடுப்பின் முன்னால் பல வீடுகளில் உட்கார்ந்திருப்பவர் யார்? மருமகள் கேஸ் அடுப்புக்குப் போய்விட, வெந்நீரும் நெல் அவிப்பதும் வயதானவரின் பொறுப்பாக நின்றுவிட்டால், புகை வீட்டைவிட்டுப் போகாமல் வீட்டின் பலவீனமான நுரையீரலுக்கு மாற்றப்பட்டிருக்கிறது.

ஒரு சிலிண்டர் எத்தனை நாள்?

விறகு ஏன் அணையவில்லை? இதற்கு விடை அடுப்பங்கரையைவிட வீட்டுக் கணக்கு நோட்டில் தெளிவாகத் தெரியும். வீட்டு சிலிண்டரில் 14.2 கிலோ எரிவாயு இருக்கிறது. ஒரு கிலோ எரிவாயு ஏறத்தாழ 46 மெகாஜூல் வெப்பம் தரும். நல்ல பர்னரில் அதில் 60 சதவீதமாவது பாத்திரத்துக்குள் போகும். காய்ந்த விறகு கிலோவுக்குச் சுமார் 16 மெகாஜூல். மண் அடுப்பில் பாத்திரத்தைச் சேர்வது அதில் 10 முதல் 15 சதவீதம். இரண்டையும் பெருக்கிப் பார்த்தால், ஒரு சிலிண்டர் சுமார் 200 கிலோ விறகின் வேலையைச் செய்கிறது. நாளைக்கு நான்கு முதல் ஐந்து கிலோ விறகு எரித்த ஐந்து பேர் குடும்பத்துக்கு ஒரு சிலிண்டர் 40 முதல் 50 நாள் வரும். ஆண்டுக்கு ஏழு முதல் ஒன்பது சிலிண்டர் வேண்டும்.

இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2019இல் வெளியிட்ட அறிக்கை, உஜ்வலா பயனாளிகளின் சராசரி ஆண்டுக்கு 3.21 சிலிண்டர் என்று கண்டது. தேவையில் பாதிகூட இல்லை. மிச்சம் எதில் வெந்தது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. இது நாட்டுச் சராசரி. தமிழ்நாட்டு வீடுகள் இதைவிட அதிகமாக வாங்கியிருக்கலாம். ஆனால் அளக்கும் முறை எங்கும் பொருந்தும். ஐந்து பேர் உள்ள ஒரு வீட்டில் ஒரு சிலிண்டர் நூறு நாள் வருகிறது என்று பெருமையாகச் சொன்னால், சிக்கனம் என்று பாராட்டுவதற்கு முன் கொல்லைப்பக்கம் போய்ப் பார்க்க வேண்டும். வெந்நீர் அண்டாவின் அடி கருத்திருக்கும்.

விறகுக்குக் கைக்காசு தேவையில்லை என்பதும் இதில் ஒளிந்திருக்கிறது. விறகின் விலையைப் பெண்கள் நேரத்தாலும் உழைப்பாலும் கொடுத்தார்கள். வீட்டுக் கணக்கில் அது ஏறவில்லை. சிலிண்டரின் விலையை ரொக்கமாக, மொத்தமாக, ஒரே நாளில் கொடுக்க வேண்டும். அந்த ரொக்கம் பெரும்பாலும் வீட்டு ஆண்களின் கையில் இருக்கிறது. நாட்கூலி வாங்கும் குடும்பத்துக்கு அரிசியைப் போல் கேஸை அரைக்கிலோ, ஒரு கிலோ என்று வாங்கவும் முடியாது. இணைப்பை இலவசமாகக் கொடுத்த திட்டங்கள் முதல் நாளின் செலவை நீக்கின. ஒவ்வொரு ஐம்பதாவது நாளின் செலவை அந்தக் குடும்பத்திடமே விட்டன. உஜ்வலா பயனாளிகளுக்கு ஒரு சிலிண்டருக்கு 200 ரூபாய் மானியம் 2022இல்தான் வந்தது. 2023 அக்டோபரில் அது 300 ரூபாயானது.

சொல்லப்படும் மறுப்புகள்

முதல் மறுப்பு, செலவைவிடப் பழக்கமும் ருசியும்தான் விறகைப் பிடித்துவைத்திருக்கின்றன என்பது. ருசியில் உண்மை இருக்கிறது. தணலில் சுட்ட கத்தரிக்காய்க்கும் கருவாட்டுக்கும் அப்பளத்துக்கும் ஏறும் மணம், மரத்தின் லிக்னின் சிதைந்து உண்டாகும் பீனால் வகைச் சேர்மங்களால் வருவது. கேஸ் தீயில் அது கிடைக்காது. ஆனால் மூடி போட்ட பானையில் கொதித்த குழம்புக்குள் புகை அவ்வளவாக நுழைவதில்லை. அந்த ருசியின் பெரும்பங்கு மண்சட்டியிலும், அடங்கிய தணலில் நெடுநேரம் சுண்டியதிலும் இருந்தது. குறைந்த தீயில் அதே சட்டியை வைத்துப் பொறுமையாகக் காத்திருந்தால் கேஸிலும் அதில் பெரும்பகுதியைப் பெறலாம். கேஸ் விலை நினைவில் இருப்பதால் யாரும் அப்படிக் காத்திருப்பதில்லை.

ருசி மறுப்புக்கு இதைவிட வலுவான பதில், விழுப்புரம், நாகப்பட்டினம் மாவட்டங்களில் நடந்த ஒரு சோதனையில் கிடைத்தது. ஹாபின் என்று சுருக்கமாக அழைக்கப்படும் அந்தப் பன்னாட்டு ஆய்வு இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நான்கு நாடுகளில் 3200 கர்ப்பிணிகளைச் சேர்த்துக்கொண்டது. அதே வீடுகளில் இருந்த வயதான பெண்கள் சிலரையும் சேர்த்தது. பாதிப் பேருக்குக் கேஸ் அடுப்பும், ஒன்றரை ஆண்டுக்கு வேண்டிய சிலிண்டர்களும் வீட்டிலேயே இலவசமாகக் கொடுக்கப்பட்டன. பழுது பார்க்கவும் ஆள் வந்தது. விளைவு, அந்த வீடுகளில் விறகடுப்பு எரிவது மிக அரிதாகிவிட்டது. பெண்களுடைய சுவாசக் காற்றில் நுண்துகளின் நடு அளவு, விறகு வீடுகளில் 70 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்க, கேஸ் வீடுகளில் 24 ஆக இருந்தது. பழக்கம் நூற்றாண்டுகளாக வேரோடியது என்றால், சிலிண்டர் தவறாமல் வந்தவுடன் அது எப்படி விட்டுப்போனது? விறகு நீடிப்பதற்கு முதல் காரணம் சிலிண்டரின் விலையும் வரத்தும் என்பதற்கு இதைவிடச் சுத்தமான சான்று எளிதில் கிடைக்காது.

அதே ஆய்விலிருந்துதான் இரண்டாவது மறுப்பும் வருகிறது, இது கனமானது. புகை இவ்வளவு குறைந்தும் குழந்தைகளின் பிறப்பு எடை குறிப்பிடத்தக்க அளவு கூடவில்லை என்று 2022இல் வெளியான முடிவு சொன்னது. கைக்குழந்தைகளின் கடுமையான நிமோனியாவும் குறையவில்லை என்று 2024இல் தெரிந்தது. அப்படியானால் இந்த மாற்றத்தால் என்ன பயன்? இந்த முடிவுகளை மழுப்பாமல் ஏற்க வேண்டும். கேஸ் அடுப்பு வந்த மறுவருடமே எல்லா நோயும் குறையும் என்ற வாக்குறுதிக்கு ஆதாரம் இல்லை. ஆனால் அந்தச் சோதனை கேட்ட கேள்வியின் எல்லையையும் பார்க்க வேண்டும். கர்ப்பத்தின் முதல் வாரங்கள் கடந்த பிறகே அடுப்பு வந்தது. கண்காணிப்பு ஒன்றரை ஆண்டு. தெருவின் மற்ற வீடுகள் விறகிலேயே இருந்தன. நாற்பது ஆண்டு புகை குடித்த நுரையீரலுக்கு என்ன நேர்கிறது என்பதற்கு அது விடையாகாது.

அதற்கான சான்று சீனாவின் ஷுவான்வெய் மாவட்டத்திலிருந்து வருகிறது. அங்கே புகைபோக்கி இல்லாத குழி அடுப்பில் நிலக்கரி எரித்த குடும்பங்கள் பிற்காலத்தில் புகைபோக்கி வைத்த அடுப்புக்கு மாறின. இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பின்னோக்கித் தொடர்ந்து 2005இல் வெளியிட்ட ஆய்வு, மாறியவர்களிடம் நாள்பட்ட மூச்சடைப்பு நோய் குறைந்ததைக் கண்டது. அந்த வேறுபாடு ஐயமின்றித் தெரிய சுமார் பத்து ஆண்டு ஆனது. எரிபொருள் வேறு, அடுப்பு வேறு. ஆனால் நுரையீரல் எடுத்துக்கொள்ளும் கால அளவை அது காட்டுகிறது. இழந்த மூச்சுக் கொள்ளளவு திரும்பி வருவதில்லை. மேலும் இழக்கும் வேகம்தான் குறைகிறது. பாட்டியின் இருமல் சில வாரங்களில் தணிந்ததாகக் குடும்பம் சொல்வதும் பொய்யல்ல. புகையிலுள்ள அக்ரோலின், பார்மால்டிஹைடு போன்ற எரிச்சலூட்டும் வாயுக்கள் நின்றவுடன் கண்ணீரும் தொண்டைக் கரகரப்பும் விரைவில் அடங்கும். எரிச்சல் தணிவது வேறு, நோய் தணிவது வேறு. மாடிப்படி ஏறும்போது வாங்கும் மூச்சு அப்படியே இருந்தால், இருமல் நின்றதை வைத்துத் திருப்தி அடையாமல் மருத்துவரிடம் ஊதிக்காட்டும் நுரையீரல் சோதனை செய்துகொள்வதே நல்லது.

மூன்றாவது மறுப்பு, கேஸ் எதற்கு, நல்ல புகைபோக்கி வைத்த விறகடுப்பே போதும் என்பது. ஷுவான்வெய் சான்றே அதற்குத் துணை நிற்பதுபோலத் தோன்றும். ஆனால் இந்தியாவில் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒடிசா கிராமங்களில் மேம்பட்ட மண் அடுப்புகளைக் கொடுத்து, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்ட பொருளியலாளர்கள் நான்கு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். முதல் ஆண்டில் சமைப்பவர் சுவாசித்த புகை குறைந்தது. பிறகு அந்தப் பலன் மறைந்துவிட்டது. அடுப்பு விரிசல் கண்டது, குழாயில் கரி அடைத்தது, பழுது பார்ப்பார் இல்லை. ஆட்கள் பழைய அடுப்புக்கே திரும்பினார்கள். குழாய் நன்றாக இருந்தாலும் அது புகையை அழிப்பதில்லை, கூரைக்கு மேலே அனுப்புகிறது. வீடுகள் நெருங்கி நிற்கும் தெருவில் அது அடுத்த வீட்டுக்குத்தான் போய்ச் சேரும்.

புகையால் நன்மையும் இருந்தது என்ற நினைவூட்டலையும் ஒதுக்கக் கூடாது. பரண்மேல் கட்டித் தொங்கவிட்ட விதைச் சோளத்தில் வண்டு விழாமல் புகை காத்தது. ஓலைக் கூரை பூச்சி அரிக்காமல் நின்றது. கேஸ் வந்த வீட்டில் விதையைக் காக்கும் வழி வேறு தேட வேண்டும். நன்றாக உலர்த்திக் காற்றுப் புகாத கலத்தில் வைத்தாலே அது முடியும். விதையைக் காக்க மனித நுரையீரலை விலையாகக் கொடுக்க வேண்டியதில்லை. கேஸ் தீயும் முற்றிலும் தூயதல்ல. அது நைட்ரஜன் டை ஆக்சைடை வெளியிடுகிறது. ஜன்னலைத் திறந்து வைப்பதும், தீ மஞ்சளாக எரிந்தால் பர்னரைச் சுத்தம் செய்வதும் தேவை. விறகோடு ஒப்பிட்டால் இது சிறிய தீங்கு, கையாளக்கூடிய தீங்கு.

எதைக் கேட்க வேண்டும்

இவ்வளவுக்கும் பிறகு பாட்டியின் கதையை எப்படித் திருத்திச் சொல்வது? குடும்பம் கண்டவை எல்லாம் நடந்தன. ஆனால் சுவரும் பாத்திரமும் கேஸ் வந்த வாரத்தில் மாறின; சுவாசக் காற்று, விறகு கடைசியாக அணைந்த நாளில்தான் மாறும்; நுரையீரல் அதற்கும் பல ஆண்டுகள் கழித்தே நன்றியைச் சொல்லும். இந்த மூன்று காலங்களையும் ஒன்றாகக் குழைத்துவிடுவதால்தான் இணைப்புக் கொடுத்தவுடன் வேலை முடிந்ததாக அரசும், அடுப்பு வாங்கியவுடன் கடமை முடிந்ததாகக் குடும்பமும் நினைக்கின்றன.

நம் கணக்கெடுப்புகளும் இந்த மயக்கத்துக்குத் துணைபோகின்றன. தேசியக் குடும்பநல ஆய்வு, வீட்டில் சமையலுக்கு முக்கியமாக எந்த எரிபொருளைப் பயன்படுத்துகிறீர்கள் என்று கேட்கிறது. 2019–21 சுற்றில் நாடு முழுவதும் 58.6 சதவீத வீடுகள் தூய எரிபொருளைச் சொன்னன. கிராமங்களில் அது 43.2 சதவீதம். ‘முக்கியமாக’ என்ற அந்தக் கேள்விக்குக் கேஸ் என்று பதில் சொன்ன வீட்டின் கொல்லையில் வெந்நீர் அடுப்பு எரிந்தாலும், அந்த வீடு தூய வீடாகவே கணக்கில் ஏறும். கேட்க வேண்டிய கேள்விகள் வேறு: கடந்த ஏழு நாட்களில் இந்த வீட்டில் எத்தனை நாள் விறகு எரிந்தது, எதற்காக எரிந்தது, அதன் முன்னால் யார் உட்கார்ந்தார்கள்? அரசின் கையில் சிலிண்டர் விற்பனைப் பதிவு இருக்கிறது. ஆண்டுக்கு நான்கு சிலிண்டருக்கும் குறைவாக வாங்கும் பெரிய குடும்பங்கள் எவை என்று அதிலிருந்தே தெரியும். அடுத்த மானியம் புதிய இணைப்புகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதற்குப் பதிலாக அந்தக் குடும்பங்களின் அடுத்தடுத்த சிலிண்டர்களுக்குப் போக வேண்டும். சிறிய சிலிண்டரும் தவணையில் பணம் கட்டும் வசதியும் அவர்களுக்கு எளிதில் கிடைக்க வேண்டும். வெந்நீருக்குச் சூரிய வெப்பக் கலமோ மின்சாரமோ கிடைத்தால் கடைசி விறகடுப்புக்கும் வேலை இல்லாமல் போகும். குடும்பங்கள் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. சிலிண்டர் வந்த தேதியைச் சுவரில் எழுதி வைப்பது பல வீடுகளில் ஏற்கெனவே உள்ள வழக்கம். சிலிண்டர் நெடுநாள் வந்தது என்று மகிழ்வதற்கு முன், அந்த நாட்களில் வெந்நீர் போட்டது யார், எதில் போட்டார் என்று கேட்டுப் பார்க்கட்டும். பதில் ‘பாட்டி, விறகில்’ என்றால், அந்த வீட்டின் அடுப்பு மாற்றம் இன்னும் முடியவில்லை.